போஸ்டரின் சிவப்புக் கட்டம்

எங்கள் வகுப்பில் அவளுக்கு ‘லேட்டு’ என்று பெயர். முதல் பீரியடுக்கு அவள் வந்தால் அதிசயம். விடிகாலையில் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கிவிட்டு, முடியில் மாவு ஒட்டியபடி ஓடிவருவாள். கேலி செய்தால், “நான் வந்தப்புறம்தான்டி வகுப்பே களைகட்டுது” என்பாள். வேறு துறையிலிருந்து மாறி வந்தவள் எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான்.

கல்லூரிக் கருத்தரங்குக்காக நானும் ஒரு தோழியும் கணினியில் ஒரு மாடல் செய்திருந்தோம். பழைய மாணவர்களின் வருகையையும் மதிப்பெண்ணையும் கொடுத்துப் பழக்கினால், இப்போது படிப்பவர்களில் யார் பாதியில் நிற்பார் என்று கணிக்கும். போஸ்டர் ஒரே பக்கம், அது என் பொறுப்பு. தலைப்பு, தரவு, முறை, முடிவு எல்லாம் வைத்தும் வலது கீழ்மூலை மொட்டையாகக் கிடந்தது.

“ஒரு ஸ்டூடன்ட்டோட விவரத்த உதாரணமா போடும்மா. பாத்ததும் புரியணும். பேரு, நம்பர் மட்டும் எடுத்துடு” என்றார் வழிகாட்டி மேடம்.

எடுத்தேன். மிச்சத்தை அப்படியே வைத்தேன்: மூன்றாம் ஆண்டு, துறை மாறியவர், முதல் பீரியட் வராத நாட்கள் 41, இன்டர்னல் சராசரி 38. இடைநிற்கும் வாய்ப்பு 91 சதவீதம். சுற்றிச் சிவப்புக் கட்டம். அது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பட்டியலிலேயே பெரிய எண் அதுதான், கண்ணைப் பறிக்கும் என்று போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

கருத்தரங்கு அன்று எங்களுக்கு பன் வாங்கிக்கொண்டு வந்தவள், போஸ்டர் முன்னால் நின்றுவிட்டாள்.

“இது நான்தானே?”

“சேச்சே, சும்மா ஒரு உதாரணம்டி.”

பின்னாலிருந்து ஒருவன், “லேட்டு, உன்ன போஸ்டர்லயே ஏத்திட்டாங்க!” என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. பேக்கரிக்குப் போனேன்.

“நின்னுட்டேன்டி. அம்மாகிட்ட அந்தப் படத்தக் காட்டினேன். ‘எப்படியும் விடப்போறன்னு கம்ப்யூட்டரே சொல்லுதே, அப்புறம் எதுக்கு ரெண்டு பக்கமும் ஓடுற’ன்னாங்க. எனக்கும் சரின்னு பட்டுச்சு. நீ தப்பா போடுவியா என்ன?”

அது வெறும் கணக்கு, நீ ஏன் தாமதமாக வருகிறாய் என்றுகூட அதற்குத் தெரியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். கோழை நான், ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவள் நின்றதைக் கேட்டு மேடம் சந்தோஷப்பட்டார். “பாத்தியா, நம்ம மாடல் கரெக்டா சொல்லிருச்சு. டேட்டாவுல ஏத்திடு.”

தரவுப் பட்டியலில் அவள் வரியில், ‘நின்றவர்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்ற சுழியத்தை அழித்து, ‘ஆம்’ என்ற ஒன்றை அடித்தேன். காரணம் எழுத அதில் இடமில்லை. இருந்திருந்தால் என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும்.