கடிதத்துக்கு ஒரு மார்க்

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஆபீசில் குமாஸ்தாக்களின் வேலையை அளக்க ஒரு முறை வகுக்கச் சொன்னார் மேனேஜர். எங்களுக்கு வந்து துறைமுகத்தில் காணாமல்போன சரக்குப் பெட்டிகளில் எத்தனை மீண்டு வந்து சேர்ந்தன என்று பார்க்கலாம் என்றேன்.

"அது நம்ம கையில இல்லை. அனுப்பின கடிதங்களை எண்ணும்" என்றார் அந்த மேதை.

கடிதத்துக்கு ஒரு மார்க் என்று எண்ணினேன். ஷெட் ஷெட்டாக அலைந்து பெட்டிகளை மீட்டுவரும் ராயபுரத்துக் குமாஸ்தாவுக்கு சைபர். நாற்காலியை விட்டு எழாமல் நினைவூட்டுக் கடிதங்களாக எழுதித் தள்ளிய சோம்பேறிக்கு முதலிடம்.

"பொட்டிய எடுத்தாந்தா சைபரு, காணோம்னு எழுதினா மார்க்கா? இன்னா சார் இது?" என்று கேட்டார் ராயபுரத்துக்காரர். அடுத்த மாதம் அவரும் உட்கார்ந்து எழுதினார்.

மார்க் ஏறியதில் மேனேஜருக்குப் பூரிப்பு. பெட்டியில் வரவேண்டிய உதிரிபாகம் வராமல் மெஷின் நின்றது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினோம். அதற்கும் ஒரு மார்க் போட்டேன்.