எண்பதால் பெருக்கிய தாளிப்பு

பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியாராக இருந்தபோது, ஓர் ஐப்பசி முடிவில் ஏரி உடைத்துக்கொண்டது. சுற்றுப்பட்டில் மேடான இடம் எங்கள் பள்ளிக்கூடம்தான். வீடு இழந்தவர்கள் நானூறு பேர் வந்து சேர்ந்தார்கள். நிலக்காரர்கள் அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். ஒருவர் தன் செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெயில், அதாவது நிலக்கடலை எண்ணெயில், ஒரு தகரம் கொடுத்தார். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி; ஊர்த் தலைவரான கொம்யூன் மேர் வந்து எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டார். கணக்கு தெரிந்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை முதலில் நம்பியவன் நான்தான்.

சமைக்க ஓர் அம்மாள் வந்தாள். அந்த வட்டாரத்தில் கல்யாணம், கருமாதி எதுவென்றாலும் அவள் கரண்டிதான். நாற்பது வயதிருக்கும், என்னைவிட இரண்டொன்று கூடவோ குறையவோ. தன் அண்டாவைத் தானே ஓர் ஆளோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவள். வந்ததும் அடுப்புக்கு மூன்று கல் பொறுக்கினாள்.

நானோ பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த என் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் உட்கார்ந்தேன்.

"அஞ்சு பேருக்குப் பருப்பு எவ்வளவு போடுவ?"

"ஒரு ஆழாக்கு."

"தாளிக்க?"

அவள் விநோதமாகப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் நான் அடுப்படியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. குழிக்கரண்டியால் ஒரு கரண்டி எண்ணெய், சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி கடுகு, ஓர் ஈர்க்கு கறிவேப்பிலை என்று சொன்னாள். நானூறை ஐந்தால் வகுத்தால் எண்பது. பருப்பு பத்துப் படி. எண்ணெய் ஒன்றரைப் படி. கடுகு இரண்டரை ஆழாக்கு. கறிவேப்பிலை எண்பது ஈர்க்கு. மூன்றாம் வகுப்புப் பையன்கூடப் போடுகிற கணக்கு என்று எனக்கு அப்போதே ஒரு திருப்தி.

பருப்பு, உப்பு, மஞ்சள் வரைக்கும் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. பருப்பு குழைந்து அண்டாவில் தளதளத்தது. தாளிக்கிற இருப்புச் சட்டியை அடுப்பில் வைத்து அவள் எண்ணெய்க்குக் கை நீட்டியபோது, ஒன்றரைப் படியையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னா வாத்தியாரே, இது எண்ணெயா, ஏரியா?"

"நானூறு பேருக்கும்மா. கணக்குப் போட்டிருக்கேன்."

"இதுல பாதிகூட வேணாம். அரைப்படி தாராளம். வூட்டுல ஊத்துறதுல பாதி சட்டியிலயே ஒட்டிக்கும், அதனால அங்க ஒரு கரண்டி. இங்க அப்படியா?"

"கடுகு?"

"முக்கா ஆழாக்குக்கு மேல போட்டா இந்தச் சட்டியில வெடிக்காது, கருகும்."

நான் கணக்குப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் காட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "அப்போ நீங்களே தாளிங்க."

வாங்கிக்கொண்டேன். சட்டையைக் கழற்றிவிட்டு மேல்துண்டோடு அடுப்பின் முன் நின்றேன். கால்வாசி ஊர் நின்று பார்த்தது.

ஒன்றரைப் படி எண்ணெய் லேசில் காயவில்லை. விறகைத் தள்ளினேன். புகை கிளம்பியதும் கடுகை ஒரேயடியாகக் கொட்டினேன். அது சட்டியின் அடியில் போய் விரல்கனத்துக்குப் படிந்து சும்மா கிடந்தது. எண்ணெய் குளிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு விறகு வைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரே சமயத்தில் வெடிக்கத் தொடங்கியது. மேலே கிடந்த கடுகு என் நெற்றியிலும் மார்பிலும் தெறிக்க, அடியில் கிடந்தது வெடிக்காமலே கரியாகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் எனக்கு எட்டியது. ஆனால் கறிவேப்பிலை இன்னும் பாக்கி இருந்தது.

எண்பது ஈர்க்கையும் பிள்ளைகள் மழையில் நனைந்தபடி பறித்து உருவி வைத்திருந்தார்கள். கூடையோடு கவிழ்த்தேன்.

இலையில் இருந்த தண்ணீர் எண்ணெயில் பட்டதும் சட்டி நுரைத்துப் பொங்கியது. பொங்கிய எண்ணெய் விளிம்பைத் தாண்டி நெருப்பில் விழுந்தது. நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிச் சட்டிக்குள் இறங்கியது. நான் பின்னால் தாவினேன். மீசையின் இடதுபக்கம் தாவவில்லை.

யாரோ ஒருவர் குடத்தைத் தூக்கினார்.

"தண்ணி ஊத்தாத," என்றாள் அந்த அம்மாள். கத்தவில்லை, ஆனால் குடம் அப்படியே நின்றது. அண்டாவின் பித்தளை மூடியைக் கோணியால் பிடித்துச் சட்டிமேல் கவிழ்த்தாள். காலால் விறகை வெளியே இழுத்துப் போட்டாள். மூடியைத் திறக்காமல் வெகுநேரம் அப்படியே விட்டுவைத்தாள். பள்ளிக்கூடக் கூரை கீற்று என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இலை மட்டும் நீங்க சொன்ன கணக்கு சரிதான்," என்றாள். "துடைச்சுட்டுப் போட்டிருக்கணும்." மூன்றில் ஒன்றில் நான் தேறியிருந்தேன்.

கடுகு ஒன்றுகூட மிச்சமில்லை. வேறொரு சட்டி வைத்து, அரைப்படி எண்ணெயில் வரமிளகாயும் நசுக்கிய பூண்டும், துணியில் ஒற்றிய இலையும் போட்டுத் தாளித்து அண்டாவில் ஊற்றி உடனே மூடினாள். வாசனை வாசல்வரை போனது.

அந்த நேரம் பார்த்து மேர் வந்தார். பந்தியைப் பார்த்தார். தண்ணீரில் ஒன்றாக வந்தவர்கள் இலை போட்டதும் சாதி பார்த்து இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அதை அவர் பார்க்கவில்லை. பருப்பை ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

"கடுகு காணுமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "நல்ல யோசனை. நனைஞ்ச வயிறு, லேசா இருக்கட்டும்னு விட்டிருக்கீங்க. படிச்சவங்க கையில கொடுத்தா இதுதான். அளவையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, வில்லியனூர்லயும் இதே மாதிரி ஒரு கொட்டகை போட்டிருக்காங்க."

அந்த அம்மாள் என் மீசையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆகட்டும்" என்றேன்.

மறுநாள் கடுகு வந்தது. இப்போது கரண்டி அவளிடம், படி என்னிடம். அவள் எடுப்பதற்கு முன்னும் பின்னும் நான் அளந்தேன். தன் கையில் அளவு இருப்பதாக அவள் ஒருபோதும் சொல்லவில்லை. "கண்ணுக்குத் தெரியுது, ஊத்துறேன்" என்பாள். அடுத்த மூன்று நாளும் எண்ணெய் அரைப்படியைச் சுற்றியே இருந்தது. கடுகு முக்கால் ஆழாக்கு. சட்டியின் அடியில் ஒற்றை அடுக்காகப் பரவிக் கிடந்து எல்லாம் ஒன்றுபோல் வெடித்தது. அதை மேரின் ஆள் பிரெஞ்சில் எழுத, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எண்ணெய் லிட்டராகவும் கடுகு கிராமாகவும் மாறி மிகவும் மரியாதையாகத் தெரிந்தன. இந்த அளவைப் பெருக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டு நாளில் வில்லியனூரிலிருந்து ஒரு சீட்டு வந்தது. தங்களிடம் எண்ணூறு பேர் இருக்கிறார்கள், பெருக்கக் கூடாதென்றால் என்ன செய்வது என்று வாத்தியாரைக் கேட்டிருந்தார்கள்.

வாத்தியாரான நான் யோசித்தேன். எண்ணெய்க்கு ஒன்றரை மடங்கா, கடுகுக்கு ஒன்றேகாலா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி அடித்தேன். கடைசியில் தாளை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அவள் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு நிமிரக்கூட இல்லை.

"இன்னொரு அண்டா வெக்கச் சொல்லுங்க. இன்னொரு வாட்டி தாளிக்கச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா இருக்குது வாத்தியாரே?"

அப்படியே எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை பாகூர்ச் சமையல்காரம்மாள் சொன்னது என்று எழுதினேன். பதில் வந்தது. அதில் என் அடக்கத்தை மிகவும் பாராட்டியிருந்தார்கள்.