எட்டிலேயே நின்ற எண்

பழங்காநத்தத்தில் ஆன்றோவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணே, இந்த டிஸ்க் இன்னும் எம்புட்டு நாள் தாங்கும்?"

ஆன்றோ டிஸ்க்கைச் செருகி அதன் உடல்நலக் கணக்கைத் திறந்து காட்டுவான். எழுதப் படிக்க லாயக்கில்லை என்று டிஸ்க் தானாகவே ஒதுக்கி, வேறு இடத்துக்கு மாற்றிய செக்டார்களின், அதாவது தட்டின் சின்னச் சின்னத் துண்டுகளின், எண்ணிக்கை அதில் இருக்கும். "நாள் சொல்ல முடியாதுண்ணே. எம்புட்டுன்னு பாக்கக் கூடாது, ஏறுதான்னு பாக்கணும். அப்படியே நின்னா வருசக்கணக்கா ஓடும், ஏற ஆரம்பிச்சா கணக்கே வேற. எதுக்கும் இன்னைக்கே காப்பி எடுத்துருங்க."

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்கிற மனுஷன், தன் வீட்டு டிஸ்க்குக்கு மட்டும் காப்பி எடுக்கவில்லை. அது அவன் மனைவி ஆன்மேரியுடையது. மிஷன் பள்ளி ஆசிரியை, கோவில் பாடகர் குழுவை நடத்தியவள். அந்தப் பிள்ளைகளுக்காக வீட்டில் பாடிப் பதிவு செய்ததெல்லாம் அதில்தான் இருந்தது. அவள் இறந்த வாரத்தில் ஆன்றோ முதன்முறையாக அதைச் செருகிப் பார்த்தபோது, ஒதுக்கிய செக்டார்கள் எட்டு என்று காட்டியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த எட்டைப் பார்ப்பான். பிறகு ஒரே ஒரு பதிவைப் போடுவான். பாட்டு தொடங்கியதும் ஆன்மேரி நிறுத்திவிட்டு, "ஏங்க, அந்த ஃபேன நிறுத்துங்களேன், இரையுது" என்பாள். அதோடு அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். எட்டு எட்டாகவே நிற்கிறவரை அவள் பக்கத்து அறையில் இருப்பதாக ஒரு நினைப்பு. காப்பி எடுத்தால் இந்த டிஸ்க் சாகப்போகிறது என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். ஆஸ்பத்திரியில் அவள் விஷயத்தில் அவன் ஒரு தடவை அப்படி ஒப்புக்கொண்டாயிற்று. மறுபடியும் அவனால் முடியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் அந்த எட்டு அப்படியேதான் இருந்தது. அதற்குக் கீழே வேறொரு வரியில், அதுவரை பூஜ்ஜியமாக இருந்த இடத்தில், பதினாறு என்று நின்றது. படிக்க முடியாமல், ஒதுக்கவும்படாமல், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். ஆன்றோ அதைக் கழற்றி மறுபடி செருகிப் பார்த்தான்; பதினாறுதான்.

பக்கத்தில் சிசிடிவி கடை வைத்திருக்கும் முத்துப்பாண்டி எட்டிப் பார்த்தான். "இதுக்கா மாப்ள முழிக்கிற? ஃபுல்லா ஒரு ஃபார்மட் போடு, அந்தப் பதினாறும் போயிரும். என் கேமரா டிஸ்க்குக்கெல்லாம் அதான் வைத்தியம்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த இடங்களின்மேல் புதிதாக எழுதினால் ஒன்று டிஸ்க் அவற்றைத் தேற்றிக்கொள்ளும், இல்லை ஒதுக்கிவிடும். எண் பூஜ்ஜியமாகும். உள்ளே இருந்தது போய்விடும்.

"உள்ள ஆன்மேரி இருக்காடா" என்றான் ஆன்றோ. முத்துப்பாண்டி உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்த்தான். "அப்ப முழு ஸ்கேனாவது போட்டு எங்க கெட்டிருக்குன்னு பாப்பமா?" என்றான்.

"வேணாம். ஓடுற தெம்பு எம்புட்டு இருக்கோ, அம்புட்டும் காப்பிக்கே ஆகட்டும்."

புது டிஸ்க் ஒன்றை மாட்டி, மீட்பு நிரலை ஓட விட்டான். சுலபமாகப் படிக்க வருவதையெல்லாம் அது முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் திரும்பி வரும். பகல் முழுக்க ஆன்றோ நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அந்தப் பதினாறு மட்டும் மிஞ்சியது. திரும்பத் திரும்ப முயன்றபோது டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆன்மேரி மோதிர விரலால் கம்பியைத் தட்டுவாளே, அதே மாதிரி. அவனால் கேட்க முடியவில்லை. அணைத்துவிட்டான்.

கெட்ட இடம் எந்தப் பதிவில் விழுந்திருக்கிறது என்று தேடினான். தேடும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, தினமும் போட்டுக் கேட்ட அதே பதிவுதான். போட்டுப் போட்டுக் கேட்பதால் ஓர் இடம் தேயாது, படிக்கிற ஹெட் தட்டைத் தொடுவதேயில்லை என்று எத்தனையோ பேருக்கு அவனே சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அதை அவன் நம்பவில்லை.

புது டிஸ்க்கிலிருந்து அந்தப் பதிவைப் போட்டான். பதினாறு செக்டார் என்றால் அரை வினாடிப் பேச்சுதான். பாட்டு தொடங்கியது, நின்றது. 'ஏங்க' என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குப் பிறகு அவள் குரல் வந்தது.

"அந்த ஃபேன நிறுத்துங்களேன், இரையுது."

தன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த முத்துப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். கடையில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆன்றோ எழுந்து போய் அதை நிறுத்தினான்.