தங்கச்சி அனுப்பிய சிங்கம்

சமையல் லைவ் போடத் தொடங்கியபோதே முகத்தைக் காட்டுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். சட்டியும் என் இரண்டு கைகளும்தான் தெரியும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, மிளகாய்த்தூள் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்து அடுப்பை மூட்டுவேன். கல்முனையில் எங்கள் தெருவுக்கே அது நான்தான் என்று தெரிய மூன்று மாதம் பிடித்தது. தெரிந்ததும் மீனுக்குப் புளி கூடிப்போச்சு என்று வாசலில் வந்து நின்று சொன்னார்கள்.

லைவில் வரும் காசு எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை. தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் மாப்பிள்ளை வராது. அவளுக்கென்று எழுப்பிய சுவர் கூரையில்லாமல் மழையில் நனைந்தது. அவள் அனுப்புவது உம்மாவின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரி. கூரைக்கு அவளும் அங்கே சேர்க்கிறாள் என்று தெரியும். என் பங்கும் சேர்ந்தால் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் சொன்னால் ஏசுவாள். என் புருஷன் விட்டுப்போன பிறகு யாரிடமும் ஒரு ரூபாவும் வாங்குவதில்லை என்று நான் அடம்பிடித்தது போல, என்னிடம் வாங்குவதில்லை என்று அவளும் அடம்பிடிப்பாள்.

லைவ் பார்ப்பவர்கள் தங்கள் காசைக் கொடுத்து கொயின் வாங்குவார்கள். கொயினைப் பூவாகவும் தொப்பியாகவும் சிங்கமாகவும் மாற்றி எனக்கு அனுப்புவார்கள். பூவுக்கு ஒரு கொயின் போதும். சிங்கம் வாங்கப் பெருந்தொகை வேண்டும். வந்தது என் கணக்கில் வைரம் என்று வேறு பெயரில் விழும். அதைக் காசாக்கும்போது ஏறத்தாழ பாதியை ஆப் கம்பனி எடுத்துக்கொள்ளும். அடையாள அட்டை காட்டி, ஒரு குறைந்தபட்சத் தொகை சேரும்வரை காத்திருந்து எடுத்தால், வங்கியும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு முதலாவது தடவை எடுத்தபோதுதான் விளங்கியது. கையில் வந்ததைப் பார்த்து சிரிப்பு வந்தது. மனுசர் அள்ளிப் போட்டதில் எனக்கு வந்தது ஒரு கைப்பிடி.

இன்னொரு சமையல்காரியோடு போட்டி என்று ஒன்று இருக்கும். ஐந்து நிமிடம், யாருக்குக் கூடப் பரிசு விழுகிறதோ அவள் வெற்றி. தோற்றவள் பச்சை மிளகாய் தின்ன வேண்டும். நான் தோற்கப்போகும் நேரமெல்லாம், படமில்லாத ஒரு கணக்கு சிங்கத்தை இறக்கிவிடும். திரை முழுக்க அது கர்ஜிக்கும். யாரோ பணக்காரப் பொம்பளை, தனிமையில் இருக்கிறாள் போல என்று நினைத்து, அவளுக்காக துஆ செய்தேன். அந்தக் காசில் சீமெந்து வாங்கினேன்.

ஒருநாள் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு எழுதியது: “உம்மாட கால் வீக்கம் குறைஞ்சா?”

உம்மாவின் காலைப் பற்றி நான் லைவில் ஒருநாளும் கதைத்ததில்லை. வீட்டுக்கு வெளியே அது தெரிந்தது தங்கச்சிக்கு மட்டும்தான். அடுப்பை அணைத்துவிட்டு லைவை முடித்தேன். தங்கச்சிக்குக் கோல் எடுத்தேன்.

“லைவ் பார்க்க டேட்டா இல்லண்டுதானே சொன்னாய் புள்ள?”

“நான்தான் எண்டு தெரிஞ்சா நீங்க வேணாம் எண்டு சொல்லுவீங்க ராத்தா. ஒருக்கா நீங்க தோத்து மிளகாய் திண்டீங்க. அண்டைக்கு இஞ்ச சமைக்கவே ஏலாமப் போச்சு. மறுகா சம்பளக் கார்டால கொயின் வாங்கினன்.”

“எவ்வளவுக்கு?”

கூரைக்கு என்று சேர்த்தது முழுதும் என்றாள். ஒரு வருஷத்துக்கும் மேலான சேமிப்பு. அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவள் கூரைக் காசு கொயினாகி, சிங்கமாகி, வைரமாகி, பாதிக்கு மேல் கரைந்து என் கையில் விழ, நான் அதையே அவள் வீட்டுக்குச் சீமெந்தாக வாங்கியிருக்கிறேன். அவள் நேராக அனுப்பியிருந்தால் கூரை போட்டிருக்கலாம். என் வீம்புதான் இவ்வளவுக்கும் காரணம். என்னையே ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது.

“ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிட்டன் ராத்தா. பரவாயில்ல. உங்களுக்குப் போய்ச் சேர்ந்திச்சே. முழுசா வந்திச்சா?”

உண்மையைச் சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாள். பொய் சொன்னால் நாளைக்கும் சிங்கம் அனுப்புவாள். லைவையே நிறுத்திவிடுவது என்று அந்த நொடியில் முடிவெடுத்தேன்.

“ஓம், முழுசா வந்திச்சி புள்ள,” என்றேன்.

அவள் சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.