வலக்கையும் காலும்

என் மகன் பிறந்ததும் அழவில்லை. பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தது. வயிற்றுக்குள்ளேயே மலம் போய், அது கலந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். துடைத்து, உறிஞ்சி எடுத்து, மூச்சு கொடுத்த பிறகு சின்னதாக முனகினான். எனக்கு முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் பிள்ளைகள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் உத்தமபாளையம் பக்கம். திராட்சைத் தோட்டத்தில் வேலை. பிரசவத்துக்குத் தேனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கூட இருந்தது என் வீட்டுக்காரரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன்.

மறுநாள் நடந்துபோய்ப் பார்த்தேன். மூக்கில் காற்றுக் குழாய். வலது கையில் ஒரு சிவப்பு விளக்கு, காலில் ஒரு சிவப்பு விளக்கு. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்ட இரண்டுக்கும் தனித்தனி மிஷின். கையில் தொண்ணூற்று இரண்டு, காலில் எண்பது. ஒரே பிள்ளைக்கு எப்படி இரண்டு கணக்கு என்று கேட்டேன். டாக்டரம்மா அவசரப்படாமல் சொன்னார்.

வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதில் தண்ணீர்தான் நிற்கும். மூச்சுக்கு வேண்டியதைத் தொப்புள்கொடி கொடுத்துவிடும். அதனால் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் சுற்றிப்போக இதயத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மேலறைகளுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. இன்னொன்று, நுரையீரலுக்குப் போகும் குழாயையும் உடம்புக்குப் போகும் பெரிய குழாயையும் சேர்க்கிற குட்டைக் குழாய். பிறந்து நாலு மூச்சு இழுத்தால் நுரையீரல் விரியும், அதன் ரத்தக் குழாய்கள் தளரும். ரத்தம் அங்கே பாய்ந்து இடது பக்கம் திரும்பி வந்து, அந்தக் கதவை அழுத்திச் சாத்திவிடும். ரத்தத்தில் பிராணவாயு ஏறினால் குட்டைக் குழாயும் ஓரிரு நாளில் தானாகச் சுருங்கிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறதுதான்.

"இவனுக்கு நுரையீரல் குழாய் இன்னும் இறுகிக் கெடக்கும்மா. ரத்தம் அங்க போக முடியாம பழைய வழியிலயே போகுது. வலக்கைக்குப் போற கிளை முன்னாடியே பிரிஞ்சிருது. குட்டைக் குழாய் வந்து சேர்றது அதுக்குப் பின்னாடி. அதான் காலுக்குக் கெட்ட ரத்தம் கலந்து போகுது."

"அந்த வழி அடையலைன்னா?"

"பொழைக்கிறது கஷ்டம். தொடாதீங்க, சத்தம் வேண்டாம். அழுதா இன்னும் இறுகும்."

நான் தொடவில்லை. பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே ஒரு ஆள்தான் இருக்கலாம். நான் சாப்பிடப் போன நேரம் மதினி உள்ளே போனார். மூன்று பிள்ளை வளர்த்தவர். கால் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டார். நான் திரும்பி வரும்போது மிஷின் கத்திக்கொண்டிருந்தது. மகன் வீறிட்டு அழுதான். கால் எண் எண்பதிலிருந்து அறுபதுக்கு வந்துவிட்டது. நர்ஸ் காற்றைக் கூட்டி, துணியைப் போர்த்தி, அறை விளக்கைக் குறைத்தார். அவன் அடங்கி எண் ஏறும் வரை அங்கேயே நின்றார்.

வெளியே வந்ததும் மதினி விடவில்லை.

"காலு ஐஸா கெடந்துச்சு. தேய்ச்சுவிட்டா சூடு வரும்ல. நான் என்ன புதுசாவா பிள்ளை வளக்குறேன்?"

"கால்ல கொறையில்ல மதினி. நெஞ்சுல ரத்தம் போற வழி இன்னும் மாறல. இனி உள்ள போகாதீக."

"எந்தம்பி மகனைத் தொட நான் சீட்டு வாங்கணுமோ?"

"நானே இன்னும் தொடல மதினி."

அன்று முதல் மதினி கதவுக்கு வெளியேதான் இருந்தார். நான் வெளியே வரும்போதெல்லாம் ஒரே கேள்வி. "காலு எம்புட்டு?" அவனைப் பற்றி வேறு எதுவும் கேட்கமாட்டார்.

நுரையீரல் குழாய் தளர மருந்து போனது. கால் எண் ஏறும், இறங்கும். பிறகு இறங்குவது குறைந்தது. ஒரு காலையில் கையும் காலும் ஒன்றுபோலக் காட்டின. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிஷின் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். டாக்டரம்மா ஸ்கேன் வைத்துப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது, குட்டைக் குழாய் நூலாகச் சுருங்கிவிட்டது, மிச்சமும் அடைந்துவிடும் என்றார். காற்றைக் குறைத்தார்கள்.

மறுநாள் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தார். குதிகாலில் ஊசி குத்த வேண்டும். குத்தினார். வார்டே கேட்கிற மாதிரி அழுதான். நர்ஸ் மிஷினைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கால் எண் கொஞ்சம் அசைந்தது, விழவில்லை. அவன் அழுதுகொண்டே இருந்தான், முகம் சிவந்து.

சத்தம் கேட்டு மதினி வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

"என்னத்தா, காலு எம்புட்டு?"

"விழாம நிக்குது மதினி," என்றேன். "அழட்டும்."

நர்ஸ் அவனைத் தூக்கி என் மடியில் வைத்தார்.