அரை மீட்டர்

"கிணத்தச் செவப்புல காட்டிட்டீங்களாக்கா?" என்று பழனிக்குமார் போனில் கேட்டபோது நர்கீஸ் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கிணறு?"

"வடமதுரைத் தோட்டத்துலக்கா. புதருக்குள்ள. சுத்துச்சுவர்கூடக் கெடையாது."

நர்கீஸ் டப்பாவை மூடினாள். திண்டுக்கல்லில் ஒரு சர்வே ஆபீஸில் படம் போடுவது அவள் வேலை. பழனிக்குமார் வெயிலில் நின்று கருவியால் நிலத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து அனுப்புவான். இவள் அதைக் கம்ப்யூட்டரில் கோடாக்குவாள். மாமியார் வீட்டில் பத்துப் பேருக்கு உலை வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் படித்துக் கற்ற வேலை. அரிசியில் கல் பொறுக்குவதைப்போல ஃபைலைச் சுத்தம் பண்ணிவிடுவாள் என்று ஆபீஸில் பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வடமதுரைப் படத்தைக் காலையில் அவளேதான் ஒச்சப்பன் கையில் கொடுத்தாள். ஜேசிபி ஓட்டுகிறவன். "இம்புட்டு அழகா இருக்கே, வீட்டுல மாட்டிக்கவா?" என்று கேலி பண்ணிவிட்டுப் போனான். புதரை அழித்து நிலத்தை மட்டம் பண்ணப் போயிருக்கிறான். படத்தில் அந்த இடத்தில் புதர் மட்டும்தான் இருந்தது.

அளந்து வந்த மூல ஃபைலைத் திறந்தாள். 'கிணறு' என்று பேர் போட்ட நாலு புள்ளிகள் இருந்தன. சுத்தம் பண்ணிய ஃபைலில் ஒன்றுகூட இல்லை.

"மொத நாள் புதரோட ஓரத்தச் சுத்தி எடுத்தேங்க்கா," என்றான் பழனிக்குமார். "மறுநா முள்ள வெட்டிப் பாத்தா உள்ள கெணறு. அதான் அங்கனயே கொஞ்சம் உள்ள தள்ளி மறுபடி எடுத்தேன்."

புரிந்துவிட்டது. கருவியை இடம் மாற்றி வைக்கும்போது பழைய புள்ளிகள் சிலதைச் சரிபார்க்க மறுபடி எடுப்பார்கள். ஒரே இடம்தான், ரெண்டு சென்டிமீட்டருக்குள் விலகும். அந்த இரட்டைகளை நீக்க, இத்தனை தூரத்துக்குள் இருந்தால் ஒன்றுதான் என்று ஒரு அளவு கொடுக்க வேண்டும். முதலில் வந்த புள்ளி நிற்கும், பிறகு வந்தது போய்விடும். அவள் கொடுக்க வேண்டியது ரெண்டு சென்டிமீட்டர். அளவு போடும் கட்டத்தில் நின்றது அரை மீட்டர். போன வாரம் ட்ரோன் வேலை ஒன்றில் நெருக்கமாகக் கிடந்த புள்ளிகளைக் குறைக்கப் போட்ட அளவு. அதை அப்படியே விட்டு ஓகே அழுத்தியிருக்கிறாள். புதர்ப் புள்ளிகள் முதலில் வந்தவை, நின்றுவிட்டன. அவற்றுக்கு ஒரு முழம்கூடத் தள்ளாத கிணற்றுப் புள்ளிகள் போய்விட்டன.

பழனிக்குமாரை லைனில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போனில் ஒச்சப்பனுக்குப் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது.

"அங்க பக்கத்துல யாரு இருக்கா? சீக்கிரம் சொல்லு," என்றாள் பழனிக்குமாரிடம்.

"அளக்கையில எனக்குக் கம்பி பிடிச்ச முத்துப்பேச்சியக்கா வீடு அங்கனதான். நம்பர் அனுப்புறேன்."

முத்துப்பேச்சி உடனே எடுத்தாள்.

"யக்கா, சர்வே ஆபீஸ்ல இருந்து பேசுறேன். ஜேசிபி புதர்கிட்டப் போயிருச்சா?"

"அதுகிட்டத்தான் போகுது. ஏந்தாயி?"

"நிறுத்துங்க. படத்துல கெணறு இல்ல. அவருக்குத் தெரியாது."

"ஏலே ஒச்சப்பா..." என்ற குரல் போனைவிட்டு விலகியது. செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, முள் ஒடியும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஜின். அது பெரிதாகிக்கொண்டே வந்தது. நர்கீஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அல்லாவைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. ஒச்சப்பனுக்கு ரெண்டு பெண் குழந்தைகள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

இன்ஜின் நின்றது.

"கண்ணு அவிஞ்சா போச்சு? முன்னாடி ஒருத்தி நிக்கிறது தெரியல?" என்று முத்துப்பேச்சி திட்டுவது கேட்டது. ஒச்சப்பன் ஏதோ முணங்கினான். பிறகு அவனே போனை வாங்கினான்.

"கல்லத் தூக்கிப் போட்டேங்க்கா." குரலில் கேலி இல்லை. "சத்தம் வர நேரமாச்சு. முன்சக்கரத்துக்கும் அதுக்கும் நாலடிகூட இல்ல."

"என் தப்புதான் ஒச்சப்பா. இறங்கி நில்லு. படம் மாத்தி அனுப்புறேன்."

"அனுப்புங்க. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

மூல ஃபைலில் இருந்து மறுபடி ஆரம்பித்தாள். ரெண்டு சென்டிமீட்டர் என்று அடித்தாள். அழுத்தும் முன் வாய்விட்டு ஒருமுறை படித்தாள். சரிபார்த்த இரட்டைகள் மட்டும் போயின. நாலு புள்ளிகளும் புதரின் ஓரத்தில் சிவப்பாக நின்றன. படத்தை அனுப்பினாள்.

அப்போதுதான் தோன்றியது. ட்ரோன் வேலை போன வாரம். அதற்கும் இதற்கும் நடுவில் கொடைரோடு வேலை ஒன்றை முடித்துக் கொடுத்திருக்கிறாள். அரை மீட்டர் நின்ற அந்தக் கட்டத்தை அப்போதும் தொட்ட ஞாபகமே இல்லை.

"பழனி, போனை வெச்சிராத," என்றாள். கொடைரோட்டு மூல ஃபைலைத் திறந்தாள். "கொடைரோட்டுல என்னென்ன எடுத்தன்னு ஒண்ணு விடாமச் சொல்லு."