இரண்டு மீட்டர் கிழக்கே

எங்கள் வரைபடப் பிரிவில் அவளுக்குக் 'கட்டம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கணினியில் ஒரு படத்தைத் திறந்தால் அதன் நிறத்தையோ அழகையோ பார்க்க மாட்டாள். முதலில் கட்டத்தின் அளவு, அடுத்து கட்டங்கள் தொடங்கும் மூலை, பிறகுதான் மற்றதெல்லாம். நான் அவளுக்குப் பக்கத்து மேஜை. அளவைக் கம்பைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிகிறவன். நான் அளந்து கொண்டுவரும் உயரங்களை அவள் கட்டங்களில் போடுவாள்.

எங்கள் மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எதைக் கேட்டாலும், "அதெல்லாம் கம்ப்யூட்டர் தானே பாத்துக்கும்" என்பார். அதனால் 'தானே சார்'. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாததை எல்லாம் கட்டம் பார்த்துக்கொண்டாள். பாராட்டை மட்டும் அவர் பார்த்துக்கொண்டார்.

வெள்ள வரைபடம் செய்வது கேட்பதற்குச் சின்ன விஷயம். தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறும் என்று ஒரு படம். தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்னொரு படம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிற்கும் தண்ணீரின் ஆழம். இரண்டுமே ராஸ்டர், அதாவது சதுரக் கட்டங்களால் ஆன படம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண். வம்பு என்னவென்றால், எங்கள் தரைப் படத்தில் ஒரு கட்டம் ஒரு மீட்டர். நீர்மட்டப் படத்தில் ஒரு கட்டம் ஐந்து மீட்டர். அதன் ஒரு கட்டத்துக்கு அடியில் தரைக் கட்டங்கள் இருபத்தைந்து கிடக்கும். எந்தத் தரையை எந்தத் தண்ணீரிலிருந்து கழிப்பது?

கட்டம் செய்வது இப்படி. நீர்மட்டம் சீராகச் சரியும் பரப்பு. அதனால் அதை ஒரு மீட்டர் கட்டங்களாக மாற்றுவாள். பக்கத்துக் கட்டங்களின் மதிப்புகளைக் கலந்து இடையில் உள்ளதை நிரப்பச் சொல்வாள். மாற்றும்போதே அதன் மூலையைத் தரைப் படத்தின் மூலையோடு பூட்டிவிடுவாள். கட்டத்தின் மேல் கட்டம் பிசகாமல் உட்கார்ந்த பிறகுதான் கழிப்பாள். இதற்கு அரை நாள் ஆகும்.

ஒன்றும் செய்யாமல் கழி என்று பொத்தானை அழுத்தினாலும் எங்கள் மென்பொருள் கழிக்கும். அப்போது பெரிய கட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இருபத்தைந்து தரைக் கட்டங்களில் நட்டநடுவில் இருக்கும் ஒன்றின் உயரத்தை மட்டும் படித்துவிட்டு மற்ற இருபத்து நான்கைத் தூக்கி எறியும். இரண்டே நிமிடம்.

நான்கு வருடம் முன்னால் கட்டம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஓர் ஊரில் மழை வரப்போகிறது, அதன் வெள்ளப் படம் உடனே வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நச்சரித்தார்கள். தானே சார் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தது, எங்கள் எல்லோருடையதும் போல. இரண்டு நிமிடத்தில் கழித்து அனுப்பிவிட்டார்.

அந்த ஊரில் அவளுடைய அக்கா ஒரு சந்தில் குடியிருந்தாள். மூன்று மீட்டர் அகலம், வடக்கு தெற்காகக் கோடு போட்ட மாதிரி நேர்ச் சந்து. சுற்றியுள்ள மேட்டை ஒன்றரை மீட்டர் வெட்டி இறக்கிய பள்ளம். வீடுகளின் முன்னறைகள் சந்து மட்டத்தில், பின்கட்டுகள் மேட்டில். தானே சாருடைய பெரிய கட்டங்களின் நடுப்புள்ளிகள் ஒன்றுகூடச் சந்துக்குள் விழவில்லை. ஒரு வரிசை சந்துக்கு மேற்கே மேட்டில், அடுத்த வரிசை கிழக்கே மேட்டில். படத்தில் அப்படி ஒரு சந்தே இல்லை. நீலம் போட்ட தெருக்களில் எல்லாம் ஒலிபெருக்கி வைத்து ஆட்களைக் கிளப்பினார்கள். அந்தச் சந்துக்கு யாரும் போகவில்லை. அக்கா புருஷன் முன்னறைச் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் உள்ளே வந்தது. அவருடைய உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் தானே சார் வாயைத் திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் பதிவில் அவள் பெயர் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் அவளைப் பழைய காகித வரைபடங்கள் வைக்கும் அறைக்குத் தள்ளினார்கள். அவருக்குப் பதவி உயர்வு. அக்கா அவளைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை: "உன் படத்த நம்பித்தான்டி இருந்தோம்." அதோடு பேச்சு நின்றது.

நானாக இருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். காகித அறையில் உட்கார்ந்து, தான் அதுவரை கழித்த இருபத்தெட்டுப் படங்களையும் திறந்து ஒவ்வொன்றும் எந்த மூலையில் தொடங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். இருபத்தெட்டும் தரைப் படத்தின் மூலையில் தொடங்கின, ஒரு மீட்டர் கட்டத்தில். அந்த ஒரு படம் மட்டும் நீர்மட்டப் படத்தின் மூலையில், ஐந்து மீட்டரில். நோட்டை என்னிடம் காட்டியபோது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

"இதக் கொண்டுபோய்க் குடு," என்றேன்.

"குடுத்தா ஒரு அறைக்குள்ள பேசி முடிச்சிருவாங்க. எனக்கு அந்தாளு எல்லார் முன்னாடியும் நிக்கணும்."

இந்த வருடம் அதற்கு வழி வந்தது. அதே ஊருக்குப் புதிய வெள்ள வரைபடம், புதிய ஆணையர் முன்னிலையில் மக்களிடம் காட்ட வேண்டும். தானே சார் பெயர் வாங்கும் ஆசையில் தானே உட்கார்ந்து கழித்தார். பழையபடி இரண்டு நிமிடம். இந்த முறை தன் கடவுச்சொல், ஓரத்தில் தன் பெயர், கொட்டை எழுத்தில். கூட்டத்துக்கு எட்டு நாள் முன்பே அச்சடித்து அந்த ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஒரு பிரதி எங்கள் பிரிவுக்கும் வந்தது. கட்டம் அதை மேஜையில் விரித்து அளவுகோலை வைத்தாள். பிறகு சிரித்தாள். நான்கு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"சந்து மறுபடியும் இல்ல," என்றாள்.

"சரி, சொல்லிரலாம். மழைக்காலம் பாரு."

"நீ வாயத் தொறந்தா உன்கூட நான் பேச மாட்டேன்."

நான் திறக்கவில்லை. அவருடைய மூக்கு உடைவதைப் பார்க்க எனக்கும் ஆசை. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். முன்வரிசையில் ஆணையர், மூன்றாவது வரிசையில் அக்கா. திரையில் படம் விழுந்ததும் அக்காதான் முதலில் எழுந்தாள்.

"எங்க சந்து ஏன் நீலமா இல்ல?"

"உங்க பக்கம் தண்ணி வராதும்மா. கணக்குப் போட்டுப் பாத்தாச்சு," என்றார் தானே சார்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

மண்டபத்தில் சலசலப்பு. அவர் வியர்த்துப்போய்த் திரும்பினார். அவருக்குப் படத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது. "நீங்க கொஞ்சம் வந்து இந்த எடத்தக் காட்டுங்க," என்று கட்டத்தைக் கூப்பிட்டார். எட்டு நாளாக அவள் காத்திருந்த வார்த்தை அது.

அவள் போய் உட்கார்ந்தாள். "சார், நீங்க கழிச்ச மாதிரியே, ஒண்ணும் மாத்தாம இன்னொரு தடவ கழிக்கிறேன். கட்டம் ஆரம்பிக்கிற மூலைய மட்டும் ரெண்டு மீட்டர் கிழக்கே தள்ளி வைக்கட்டுமா?"

"தள்ளுங்களேன். அதெல்லாம் கம்ப்யூட்டர் தானே பாத்துக்கும்."

எங்கள் பிரிவு ஆட்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். இரண்டு நிமிடம் ஓடியது. திரையில் புதிய படம் விழுந்தது. அக்காவின் சந்து, வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை, ஒன்றரை மீட்டர் ஆழ நீலம்.

"அதே தரை, அதே தண்ணி," என்றாள் கட்டம். "ஒரு பெரிய கட்டத்துக்குள்ள இருபத்தஞ்சு எடம் இருக்கு. சார் நடுவுல இருக்கிற ஒண்ண மட்டும் பாத்துட்டு மத்த இருபத்தி நாலையும் விட்டுட்டாரு. நடு எங்க விழுதோ அதப் பொறுத்துச் சந்து முழுகும், இல்லன்னா காயும். இது கணக்கு இல்ல, குருட்டு அதிர்ஷ்டம்."

பிறகு சரியான முறையில் தான் முன்கூட்டிச் செய்து வைத்திருந்த படத்தைப் போட்டாள். ஒரு மீட்டர் கட்டம், மூலையோடு மூலை பூட்டியது. அதிலும் சந்து நீலம், படி எங்கே, வாசல் எங்கே என்பதுவரை. அடுத்து நான்கு வருடப் பழைய படம். அடுத்து நோட்டுப் பக்கத்தின் புகைப்படம். இருபத்தெட்டு மூலைகளைப் படித்தாள், நிறுத்தி நிதானமாக. "இந்த ரெண்டு படம் மட்டும் ஒரே மாதிரி. ஒண்ணுல சார் பேரு இருக்கு. இன்னொண்ணு கழிச்ச அன்னிக்கி நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். சீட்டு இதோ."

"பழைய படத்த யார் கழிச்சது?" என்று கேட்டார் ஆணையர்.

தானே சார் முகத்தில் ஈயாடவில்லை. திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒருவரும் அவருக்காகத் தலையை நிமிர்த்தவில்லை. "அவசரம் சார்," என்றார். அது ஒப்புதல்தான். ஆணையர் எழுதிக்கொண்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள், ஆனால் குளிர்ந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா மேடைப் பக்கம் வந்தாள். கட்டம் எழுந்து நின்றாள். நான்கு வருடமாக இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் சோறு தின்றாள் என்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, நான் செய்யலக்கா. இப்பத் தெரிஞ்சிருச்சில்ல?"

"தெரிஞ்சுது." அக்கா திரையில் இன்னும் கிடந்த நோட்டின் பக்கத்தைப் பார்த்தாள். "இந்தப் புதுப் படம் தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

கட்டம் என்னைப் பார்த்தாள். நான் காலணியைப் பார்த்தேன்.

"போன வாரம்."

"எட்டு நாளா எங்க ஊர்ச் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. எங்க சந்துல எல்லாரும் போய்ப் பாத்துட்டு, இந்தத் தடவ சரியாப் போட்டிருப்பாங்கன்னு நம்பி, அப்பாடான்னு வந்தாங்க. மேல கட்டி வெச்சிருந்த சாமானக்கூட எறக்கிட்டோம். முந்தாநாள் மழை பெஞ்சுதே, அது நிக்காமப் பெஞ்சிருந்தா?"

கட்டம் திரையை அணைத்தாள்.

"நடுவுல இருக்கிற ஒண்ண மட்டும் பாத்தாருன்னு அந்தாளச் சொன்ன. நீயும் அந்தாள் ஒருத்தனத்தானேடி பாத்த? எங்கள எல்லாம் விட்டுட்ட."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். மேலே ஏற்ற வேண்டிய சாமான்கள் அவளுக்கு வீட்டில் இருந்தன.

தானே சார் இப்போது காகித அறையில் இருக்கிறார். அவருடைய நாற்காலியைக் கட்டத்துக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் படம் தப்பென்று தெரிந்தாலும், அது யாருடையது என்று பார்க்காமல், அந்த நிமிடமே தொலைபேசியை எடுக்கிறாள். அந்தச் சந்துக்கு மட்டும் நேரில் போகிறாள், மழைக்கு முன்னால், கையில் புதுப் படத்தோடு. வீடு வீடாகக் கொடுப்பாள். அக்கா வாசலில் வந்து படத்தை வாங்கிக்கொள்வாள். உள்ளே வா என்று இதுவரை சொல்லவில்லை.